எதைத் தூக்கிச் செல்வது, எதை அணைத்துவிடுவது?

கோயம்புத்தூரில் நடுத்தர அளவில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவுக்குப் பின்னால் ஏசி போட்ட ஒரு சின்ன அறை, அதற்குள் ஆறு சர்வர்கள். பதினைந்து ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்ந்த பதினான்கு மென்பொருள்கள் அவற்றில் ஓடுகின்றன. சர்வர்களின் பராமரிப்பு ஒப்பந்தம் முடியப் போகிறது. பாதிக்கு மேற்பட்டவற்றில் இருப்பது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. புது சர்வர்களுக்கான கொட்டேஷனைப் பார்த்ததும் முதலாளி சொல்கிறார்: “வேண்டாம்ப்பா, எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்திடுங்க.”

அதில் ‘எல்லாத்தையும்’ என்ற பகுதிதான் சிக்கல். பதினான்கு மென்பொருள்களுக்கும் ஒரே வழி சரிப்படாது. ஆய்வு நிறுவனமான கார்ட்னர் 2010 வாக்கில் ஐந்து வழிகளை வகுத்துக் காட்டியது. அமேசானின் கிளவுட் பிரிவில் இருந்த ஸ்டீஃபன் ஆர்பன் 2016-இல் அதை ஆறாக்கினார். அப்படியே தூக்கி வைப்பது ரீஹோஸ்ட். அடித்தளத்தை மட்டும் மாற்றுவது ரீபிளாட்ஃபார்ம். ரெடிமேடாக ஒன்றை வாங்கிக்கொள்வது ரீபர்ச்சேஸ். உள்ளமைப்பையே மாற்றி எழுதுவது ரீஃபாக்டர். அணைத்துவிடுவது ரிட்டயர். இருந்த இடத்திலேயே விடுவது ரீட்டெய்ன். பெயர்களை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். எந்த மென்பொருளுக்கு எது என்று தீர்மானிக்கத்தான் மாதக்கணக்கில் ஆகிறது.

முதல் வேலை கணக்கெடுப்பு. எந்த மென்பொருளை யார் திறக்கிறார்கள், அது வேறு எதோடு பேசுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு வாரம் பார்த்தால் போதாது. மாதக் கடைசியில் மட்டும் ஓடுபவை உண்டு; மார்ச் 31-ஐ ஒட்டி ஒரே ஒரு முறை எட்டிப் பார்ப்பவையும் உண்டு. குறைந்தது ஒரு காலாண்டு முடிவையாவது உள்ளடக்கி, லாகின் பதிவுகளையும் நெட்வொர்க் இணைப்புகளையும் சேகரிக்க வேண்டும். ஆட்களிடம் கேட்டால் எல்லாமே அவசியம் என்றுதான் சொல்வார்கள்; பதிவுகள் வேறு கதை சொல்லும். பெரிய நிறுவனங்களின் மென்பொருள்களில் 10 சதவீதம் வரை பயனற்றவை, 20 சதவீதத்தையும் கண்டிருக்கிறேன் என்று ஆர்பன் எழுதியிருக்கிறார்.

நம் நிறுவனத்தில் மூன்று அப்படித் தேறுவதாகக் கொள்வோம்: பழைய வருகைப் பதிவு, யாரும் திறக்காத ஒரு ரிப்போர்ட் மென்பொருள், எப்போதோ மூடிவிட்ட கிளையின் ஸ்டாக் பதிவு. இவற்றை உடனே அழிக்கக் கூடாது. சர்வரை நிறுத்திவிட்டு யாராவது அலறுகிறார்களா என்று சில வாரம் காத்திருப்பார்கள். இதற்குத் துறையில் ‘ஸ்க்ரீம் டெஸ்ட்’ என்றே பெயர். யாரும் அலறாவிட்டாலும் தரவின் ஒரு நகலை எடுத்து வைத்தாக வேண்டும், ஏனென்றால் 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி கணக்கேடுகள் எட்டு நிதியாண்டுகளுக்கு இருக்க வேண்டும். அந்த நகலை மென்பொருள் இல்லாமலே திறந்து படிக்க முடிய வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சாதாரண அட்டவணைக் கோப்பாகவோ பிடிஎஃப் ஆகவோ மாற்றி வைப்பது நல்லது.

மீதி பதினொன்று. இனி வரும் இயல்பான ஆசை, எல்லாவற்றையும் அப்படியே தூக்கி மும்பையில் உள்ள கிளவுட் மையத்தில் வைத்துவிடுவது. சர்வரின் முழு நகலை எடுத்து அங்கே ஓடவிட்டால் ஒரு வரி நிரல்கூட மாறாது, வேகமாகவும் முடியும். பல மென்பொருள்களுக்கு இதுவே சரியான விடையும்கூட. ஆனால் இதில் அதிகம் பேர் விழும் குழி ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

இந்த நிறுவனத்தின் உற்பத்தித் திட்ட மென்பொருள் பழைய பாணியில் எழுதப்பட்டது. ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு புரோகிராம். அது நேராக சர்வரில் உள்ள டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும். ஒரு ‘வேலை ஆணை’ திரையைத் திறந்தால் அது பாகம் பாகமாக 400 கேள்விகள் கேட்பதாகக் கொள்வோம். இத்தகைய மென்பொருளில் இது மிகையான எண்ணிக்கை இல்லை. சர்வர் அடுத்த அறையில் இருக்கும்போது ஒரு கேள்வி போய் வர அரை மில்லிசெகண்ட். 400 கேள்விக்கு 0.2 வினாடி. யாருக்கும் தெரியாது. டேட்டாபேஸை மும்பைக்குக் கொண்டுபோய், போய்வரும் நேரம் 25 மில்லிசெகண்ட் ஆனால், அதே திரைக்குப் பத்து வினாடி. சூப்பர்வைசர் ஒரு நாளில் இருநூறு முறை அந்தத் திரையைத் திறப்பவர்.

உடனே எல்லோரும் இன்டர்நெட் வேகத்தைக் கூட்டச் சொல்வார்கள். அதனால் பயன் இல்லை. ஒரே நேரத்தில் எவ்வளவு தரவு போகலாம் என்பதை 100 எம்பிபிஎஸ், 500 எம்பிபிஎஸ் தீர்மானிக்கின்றன. ஒரு கேள்வி போய்த் திரும்ப ஆகும் நேரத்தைத் தூரம் தீர்மானிக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 200 கிலோமீட்டர்தான் ஓடும். கோவையிலிருந்து மும்பை ஏறக்குறைய 1000 கிலோமீட்டர். ஆகவே கம்பி நேர்கோட்டில் போனாலும் போய்வரப் பத்து மில்லிசெகண்ட் கட்டாயம். நிஜத்தில் கம்பிகள் நேர்கோட்டில் போவதும் இல்லை. மைக்ரோசாஃப்டின் கிளவுட் மையம் ஒன்று சென்னையில் இருக்கிறது. அங்கே வைத்தால் நேரம் குறையும், ஆனாலும் 400 முறை போய்வந்தாக வேண்டும்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எளிது. கிளவுட் மையத்தில் ஒரு சின்னச் சோதனை சர்வரை ஒரு மணி நேரத்துக்கு எடுத்து, ஆலையிலிருந்து `ping` கொடுத்தால் போய்வரும் நேரம் தெரிந்துவிடும். டேட்டாபேஸின் கண்காணிப்புக் கருவியில் ஒரு திரைக்கு எத்தனை கேள்விகள் வருகின்றன என்று எண்ணிவிடலாம். இரண்டையும் பெருக்கினால் விடை. இவ்வளவு சுலபமான கணக்கைப் போடாமலே இடம் மாற்றிவிட்டு, பிறகு கிளவுடைத் திட்டுவதுதான் நடக்கிறது.

பெருக்கல் விடை மோசமாக வந்தால் இரண்டு வழிகள். மேசைப் புரோகிராமையும் டேட்டாபேஸையும் சேர்த்தே மும்பைக்குக் கொண்டுபோய், ஆலையில் இருப்பவர்கள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதைப் பார்ப்பது ஒன்று. அப்போது 400 கேள்விகளும் மும்பைக்குள்ளேயே முடிந்துவிடும். கோவைக்குத் திரையின் படம் மட்டும் வரும். அந்த மென்பொருளை இப்போதைக்குத் தொடாமல் விடுவது மற்றொன்று. ஒன்றோடொன்று ஓயாமல் பேசும் மென்பொருள்களைப் பிரிக்கக் கூடாது. போனால் சேர்ந்து போக வேண்டும், இருந்தால் சேர்ந்து இருக்க வேண்டும். கணக்கெடுப்பில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பார்த்தது இதற்காகத்தான்.

அப்படியே தூக்கி வைப்பதில் இன்னொரு செலவும் ஒளிந்திருக்கிறது. அறையில் இருந்த சர்வர் பெரியது. அதன் திறனில் பத்து சதவீதம்கூடப் பயன்படுவதில்லை. விலைக்கு வாங்கிப் போட்டதால் யாருக்கும் உறுத்தவில்லை. கிளவுடில் அதே அளவில் எடுத்தால் சும்மா கிடக்கும் 90 சதவீதத்துக்கும் மணிக்கு மணி வாடகை. எனவே பழைய சர்வரின் அளவை விட்டுவிட்டு, அதன் உண்மையான உபயோகத்தைப் பார்த்து அளவெடுக்க வேண்டும். பகல் ஷிஃப்டில் மட்டும் தேவைப்படும் சர்வரை இரவில் அணைத்து வைக்கலாம். மாதத்துக்கு 730 மணி நேரம். தினம் பத்து மணி வீதம் 26 நாள் ஓடினால் 260 மணி. சர்வர் வாடகை மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலான அளவுக்கு இறங்கிவிடும். டிஸ்க்குக்கு மட்டும் எப்போதும் கட்டியாக வேண்டும்.

ஸ்டோர்ஸ் மென்பொருளுக்கு ரீபிளாட்ஃபார்ம் பொருந்துகிறது. மென்பொருளை மாற்றாமல், அதன் டேட்டாபேஸை மட்டும் கிளவுட் நிறுவனமே பராமரிக்கும் சேவைக்கு மாற்றுவது. பேக்கப், பேட்ச் எல்லாம் அவர்கள் பாடு. பதிலுக்கு அந்த இயந்திரத்தின் உள்ளே போகும் உரிமை நமக்குக் கிடைக்காது. தினமும் இரவு டேட்டாபேஸே ஒரு கோப்பை `D:\export` என்ற இடத்தில் எழுதி வைக்கும்படி யாரோ என்றோ அமைத்திருந்தால், புதிய இடத்தில் அந்த `D:` கிடையாது. பகல் முழுக்க எல்லாம் சரியாக இருக்கும். மறுநாள் காலை வங்கிக்குப் போக வேண்டிய கோப்பு இருக்காது. இரவு வேலைகளைத் தனியே பட்டியலிட்டுச் சோதிக்காமல் மாற்றக் கூடாது.

கணக்கு மென்பொருளின் முடிவு தொழில்நுட்பத்தால் வரவில்லை. உள்ளூரில் ஒருவர் எழுதிக் கொடுத்தது அது. 2023 ஏப்ரல் 1 முதல், நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் எப்போது நடந்தது என்ற தடம் பதிவாக வேண்டும், அதை அணைக்கவும் முடியக் கூடாது என்று விதி வந்துவிட்டது. மின்னணுக் கணக்கேடுகளின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் சேர வேண்டும் என்ற விதியும் உண்டு. பழைய மென்பொருளில் இதையெல்லாம் சேர்த்து எழுதவைப்பதைவிடச் சந்தையில் உள்ள ஒன்றை வாங்குவது மலிவு.

மாற்றி எழுதத் தகுதியுள்ளது என்று நான் ஒன்றைத்தான் சொல்வேன்: டீலர்கள் ஆர்டர் போடும் மென்பொருள். கோடையில் பம்ப் விற்பனை ஏறும்போது அது திணறுகிறது. சலுகைத் திட்டம் மாதாமாதம் மாறுவதால் நிரலும் மாதாமாதம் மாறுகிறது. அடிக்கடி மாறுவது, சுமை ஏறி இறங்குவது ஆகிய இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் மாற்றி எழுதும் செலவு திரும்பக் கிடைக்கும். எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு நெட்ஃபிளிக்ஸ் உதாரணம். 2008 ஆகஸ்டில் டேட்டாபேஸ் பழுதாகி, மூன்று நாள் வாடிக்கையாளர்களுக்கு டிவிடி அனுப்ப முடியாமல் போனது. அதன் பிறகு கிளவுடுக்குக் கிளம்பினார்கள். அப்படியே தூக்கிப் போனால் பழைய குறைகளும் கூடவே வரும் என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்றி எழுதினார்கள். முடிந்தது 2016 ஜனவரியில். அத்தனை திறமையான பொறியாளர்கள் இருந்தும் ஏழு ஆண்டுகள். அதிலும் பணம் வசூலிக்கும் பில்லிங் பகுதி கடைசியாகத்தான் நகர்ந்தது.

பம்ப் நிறுவனம் இதைத் துண்டு துண்டாகச் செய்ய வேண்டும். முதலில் ஆர்டர் வாங்கும் முகப்பை மட்டும் புதிதாக எழுதி, ஸ்டாக் கழிக்கும் வேலையைப் பழையதிடமே விடலாம். ஸ்டாக் எண்ணிக்கையைப் புதியதும் பழையதுமாக இரண்டும் எழுத அனுமதித்தால் ஒரே வாரத்தில் கணக்கு பிசகும். எந்தத் தரவுக்கு எது பொறுப்பு என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பம்புகளைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சோடு கேபிளில் இணைந்திருக்கும் மென்பொருளும் ஒன்று இருக்கிறது. அதன் லைசென்ஸ் யூஎஸ்பி டாங்கிளில் இருக்கிறது. டாங்கிளைக் கழற்றினால் ஓடாது. கிளவுடில் செருகுவதற்கு ஓட்டை ஏது? அது ஆலையிலேயே இருக்கட்டும். இன்டர்நெட்டிலிருந்து துண்டித்து, டிஸ்க்கின் முழு நகல் ஒன்றை வெளியே எடுத்து வைத்து, டெஸ்ட் பெஞ்சை மாற்றும் ஆண்டில் இந்த முடிவை மறுபடி எடுத்துப் பார்ப்பது என்று பட்டியலில் எழுதிவிட்டால் போதும்.

வரிசையும் முக்கியம். முதலில் அணைக்க வேண்டியவை. அவற்றின் செலவு உடனே மிச்சம். அடுத்து, நின்றாலும் உற்பத்தி நிற்காத ஒன்றிரண்டைத் தூக்கி வைத்துப் பழக வேண்டும். கணக்கு மென்பொருளை ஏப்ரல் 1-இல் புதியதில் தொடங்குவதுபோல் திட்டமிட்டால் நடு ஆண்டில் நிலுவைகளைப் பெயர்க்கும் வேலை மிச்சம். டீலர் ஆர்டரைக் கோடைக்கு முன் தொடவே கூடாது, மழைக்காலத்தில் தொடங்கலாம்.