'வியாபார மூலதனம்' என்று எழுதினால் போதுமா?

ஜார்ஜ்டவுன் - தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடனுதவிக்கு விண்ணப்பிக்கும் இந்திய வணிகர்கள், பணம் எதற்கு என்ற கேள்விக்கு 'வியாபார மூலதனம்' என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. ஒவ்வொரு ரிங்கிட்டும் எங்கே போகிறது, எப்படித் திரும்பி வரும் என்பது தெரிய வேண்டும்.

லிட்டில் இந்தியாவில் உணவகங்களுக்கு இட்லி மாவு விற்பவர் 11,000 ரிங்கிட் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவர் தேவையைச் சொல்ல வேண்டும். பழைய கிரைண்டர் நாளுக்கு 40 கிலோதான் அரைக்கிறது; மேலும் 20 கிலோவுக்கு வரும் ஆர்டர்கள் கைநழுவுகின்றன.

அடுத்தது செலவு. புதிய கிரைண்டர் 6,800 ரிங்கிட், குளிர்பெட்டி 3,160 ரிங்கிட். இரண்டுக்கும் கடைக்காரர் தந்த கொட்டேஷனை இணைக்க வேண்டும். அதிலுள்ள தொகையும் விண்ணப்பத் தொகையும் ஒத்திருக்க வேண்டும். உணவகங்கள் மாதக் கடைசியில்தான் பணம் தரும். அதுவரை கூடுதல் மாவுக்கான அரிசி, உளுந்துக்குக் கிலோவுக்கு 2 ரிங்கிட் வீதம் 26 நாளுக்கு 1,040 ரிங்கிட்.

கடைசியாகத் தவணை. எல்லாச் செலவும் போகக் கிலோவுக்கு ஒன்றரை ரிங்கிட் மிஞ்சினால், மாதம் 780 ரிங்கிட் கூடுதலாக வரும். தவணை 350 ரிங்கிட் என்றால், ஆர்டர் பாதியாகக் குறைந்தாலும் 390 ரிங்கிட் கையில் இருக்கும். இந்தக் கணக்கு இடித்தால், கேட்கும் தொகையைக் குறைப்பதே நல்லது.