500 யூனிட்டில் ஒரு துள்ளல்

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டணத்தின்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாயாக இருந்தது. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆகிவிட்டால் 1,958 ரூபாய். அந்த ஒற்றை யூனிட்டுக்கு 233 ரூபாய்!

501-ஆவது யூனிட்டின் விலை என்னவோ 8 ரூபாயாகத்தான் இருந்தது. மீதி 225 எங்கிருந்து வந்தது? 500-க்குள் நின்றவர்களுக்கு 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகள் தலா 2.25 ரூபாய்க்குக் கிடைத்தன. 500-ஐத் தாண்டியவர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அதே நூறு யூனிட்டும் 4.50 ரூபாய்க்கு ஏறிவிட்டது.

மின்சாரத்தைப் பின்னங்களிலும் அளப்பதாக வைத்துக்கொண்டு, கணித ஆசிரியரின் கண்ணால் இதைப் பார்க்கலாம். 499, 499.9, 499.99 என்று இடப்புறமிருந்து 500-ஐ நெருங்கினால் கட்டணம் 1,725-ஐ நெருங்கும். அது இடப்பக்க எல்லை. 501, 500.1, 500.01 என்று வலப்புறமிருந்து வந்தால் 1,950-ஐ நெருங்கும். இரண்டும் வேறு வேறு. இதுதான் துள்ளல் வகைத் தொடர்ச்சியின்மை.

விலை மாறும் இடமெல்லாம் துள்ளும் என்று நினைத்துவிடக் கூடாது. 400 யூனிட்டைத் தாண்டும்போது விலை 4.50-லிருந்து 6 ரூபாயானது. ஆனால் அங்கே இருபுறமிருந்து நெருங்கினாலும் 1,125 ரூபாய்தான், சரியாக 400-லும் அதேதான். இடப்பக்க எல்லை, வலப்பக்க எல்லை, அந்த இடத்து மதிப்பு மூன்றும் ஒன்றாவதால் சார்பு அங்கே தொடர்ச்சியானது. வரைபடம் வளைகிறது, அறுபடவில்லை.

மற்ற இரு வகைகளுக்கு மின்கட்டணம் உதவாது. (x − 2)/(x² − 4) என்ற ஒரே சார்பு போதும். x = 2 என்றாலும் x = −2 என்றாலும் பகுதி பூஜ்யமாகிவிடுகிறது, மதிப்பே இல்லை. இரண்டும் ஒரே நோய் போலத் தெரியும். தேர்வில் பலர் சறுக்குவதும் இங்கேதான்.

2-இன் பக்கத்தில் போய்ப் பார்த்தால், 1.99-இல் மதிப்பு சுமார் 0.2506, 2.01-இல் சுமார் 0.2494. இருபுறமும் 0.25-ஐ நோக்கியே வருகின்றன. எல்லை இருக்கிறது, அந்த ஒரு புள்ளியில் மதிப்புதான் இல்லை. 2-இல் மதிப்பு 0.25 என்று நாமே எழுதிவிட்டால் ஓட்டை அடைபட்டுவிடும். எனவே இது நீக்கக்கூடிய தொடர்ச்சியின்மை. கணினி வரையும் படத்தில் இந்த ஓட்டை பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது.

−2-இல் கதை வேறு. −1.99-இல் மதிப்பு 100, −1.999-இல் 1,000, மறுபக்கம் −2.01-இல் −100. எந்த எண்ணைப் போட்டாலும் இதை அடைக்க முடியாது. இது முடிவிலா தொடர்ச்சியின்மை.

இரண்டையும் பிரித்தறிய, பகுதி பூஜ்யமாகும் இடத்தில் தொகுதியையும் பார்க்க வேண்டும். 2-இல் தொகுதியும் பூஜ்யம். அப்படியானால் பொதுக் காரணியை நீக்கிவிட்டு மறுபடி எல்லை காணலாம். −2-இல் தொகுதி −4. பூஜ்யமல்லாத எண்ணுக்குக் கீழே பூஜ்யம் வந்தால் முடிவிலாதான்.

இந்த மூன்றிலும் அடங்காத சார்புகளும் உண்டு. sin(1/x) பூஜ்யத்தை நெருங்க நெருங்க −1-க்கும் 1-க்கும் நடுவே ஓயாமல் ஊசலாடும். அதற்கு அங்கே எந்தப் பக்கத்திலும் எல்லை கிடையாது.