தாமதமான பதிலின் முதல் வரி

ஒரு மெசேஜுக்கு மூன்று நாள் பதில் போடாமல் இருந்துவிட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. நான்காம் நாள் இரண்டு வரி தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். மூன்று வாரம் ஆகிவிட்டால்தான் சிக்கல். இவ்வளவு நாள் கழித்து இரண்டே வரி அனுப்பினால் நன்றாக இருக்காது, விவரமாக எழுத வேண்டும் என்று தோன்றும். விவரமாக எழுத நேரம் கிடைக்காது. இன்னொரு வாரம் ஓடும். நாள் கூடக் கூட, எழுத வேண்டிய பதிலும் மனத்துக்குள் வளர்ந்துகொண்டே போகும். கடைசியில் எழுத உட்காரும்போது பாதிக்கு மேல் மன்னிப்பாகவே வந்து நிற்கும்.

இதில் எங்கே கோளாறு என்று ஒரு ஆர்டரை வைத்துப் பார்க்கலாம். திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 26 அன்று பள்ளியின் பழைய மாணவர் சந்திப்பு நடத்தப்போகும் ஒரு பெண்மணி, நவம்பர் 25 அன்று அவர்களைக் கேட்கிறார்: மயில் பச்சை நிறத்தில் 300 டி-ஷர்ட், முதுகில் பள்ளியின் பெயர், என்ன ரேட், எப்போது கிடைக்கும்? “பீஸ் 210 ரூபாய் வரும் மேடம். சாயப்பட்டறையில கேட்டுட்டு ரெண்டு நாள்ல உறுதியா சொல்றேன்” என்கிறார் முதலாளி. பட்டறையிலிருந்து தகவல் வரவில்லை. பெரிய ஆர்டர் ஒன்று குறுக்கே வந்துவிட்டது. நினைவு வந்து போனை எடுக்கும்போது டிசம்பர் 20.

வழக்கமாக என்ன எழுதுவார்? “மேடம் வணக்கம். ரொம்ப ரொம்ப சாரி. இத்தனை நாள் பதில் போடாதது எனக்கே வெட்கமா இருக்கு. அவசர ஆர்டர் ஒன்னு, நடுவுல உடம்பும் முடியல. தயவுசெய்து தப்பா எடுத்துக்காதீங்க. மன்னிச்சிடுங்க. ஆர்டர் பத்தி சொல்லுங்க, பண்ணிடலாம்.”

அந்தப் பெண்மணியின் பக்கமிருந்து இதைப் படித்துப் பாருங்கள். போன் திரையில் முதலில் தெரிவது ஆரம்ப வரி மட்டும்தான். “ரொம்ப ரொம்ப சாரி” என்று பார்த்தவுடன் ஆர்டரை எடுக்க முடியாது என்கிறார் போல என்றுதான் நினைப்பார். முழுவதும் படித்தாலும் அவர் கேட்ட நிறம், ரேட், தேதி எதற்கும் விடை இல்லை. அதற்கு மேல் இரண்டு வேலைகள் அவர் தலையில் விழுகின்றன. ஒன்று, “பரவாயில்லை சார்” என்று இவரைத் தேற்ற வேண்டும். இன்னொன்று, நவம்பரில் கேட்டதையெல்லாம் மறுபடி கேட்க வேண்டும். உடம்பு முடியாமல் இருந்த நாட்களில் இவர் வைத்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை அவர் பார்த்திருந்தால், காரணமும் அடிபட்டுப் போகும்.

அதே நாளில், அதே மனிதர் இப்படியும் எழுதலாம்:

“மேடம் வணக்கம். 300 டி-ஷர்ட் விஷயமா எழுதறேன். ரெண்டு நாள்ல சொல்றேன்னுட்டு இப்பதான் சொல்றேன், தவறு என்னுடையது. மயில் பச்சைக்குத் தனியா சாயம் போடணும். இனிமே ஆரம்பிச்சா பொங்கல் லீவு குறுக்க வந்துடும், 26-க்குள்ள முடியாது. கருநீலம், மெரூன் ரெண்டும் துணி கையிருப்புல இருக்கு. ஜனவரி 10-க்கு லாரியில ஏத்திடலாம். ரேட் அன்னைக்குச் சொன்ன 210 தான். எந்தக் கலர்னு செவ்வாய்க்கிழமைக்குள்ள சொன்னீங்கன்னா மறுநாளே சாம்பிள் அனுப்பறேன். வேற இடத்துல குடுத்திருந்தாலும் ஒரு வரி சொல்லிடுங்க, துணியை வேற ஆர்டருக்கு விட்டுடறேன்.”

இதில் மன்னிப்பு இருக்கிறது. ஒரே வாக்கியத்தில், எந்த வாக்கு தவறியது என்று குறிப்பாகச் சொல்லி முடிந்துவிடுகிறது. இவருடைய வெட்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதற்குப் பதில், தாமதத்தால் அந்தப் பெண்மணிக்கு என்ன போயிற்று என்பது வெளிப்படையாக இருக்கிறது: மயில் பச்சை போயிற்று. பொங்கலுக்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விட்டால் திருப்பூரில் தையல் மெஷின்கள் ஓடாது என்பதால், டிசம்பர் 20 அன்று இந்தக் கணக்கை மறைத்துவைத்து ஒரு பயனும் இல்லை. நவம்பர் கேள்விக்கு நவம்பர் பதிலையே டிசம்பரில் அனுப்புவதுதான் தாமதமான பதில்களில் அடிக்கடி நடக்கும் பிசகு. இடைப்பட்ட நாட்களில் எது கைநழுவியது, எது இன்னும் கையில் இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராய் லெவிக்கியும் உடன் ஆய்வாளர்களும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மன்னிப்பை ஆறு கூறுகளாகப் பிரித்து எது எடுபடுகிறது என்று பார்த்தது. வருத்தம், விளக்கம், பொறுப்பேற்பு, இனி இப்படி நடக்காது என்ற உறுதி, ஈடு செய்ய முன்வருதல், மன்னிக்கும்படி கேட்டல் என்பவை அந்த ஆறு. முதலிடம் பொறுப்பேற்புக்கு, அடுத்த இடம் ஈடு செய்வதற்கு. மன்னிக்கும்படி கேட்பது கடைசியில் நின்றது. நம் முதலாளியின் இரண்டாம் மெசேஜில் “தவறு என்னுடையது” என்பது பொறுப்பேற்பு. ரேட்டை ஏற்றாமல் வைத்ததும் மறுநாளே சாம்பிள் அனுப்புவதும் ஈடு. முதல் மெசேஜில் நிறைந்திருந்ததோ அந்தக் கடைசிக் கூறு.

பேச்சு மறுபடி ஓடத் தொடங்குவது மெசேஜின் பின்பாதியால். “சொல்லுங்க, பண்ணிடலாம்” என்று முடித்தால் அடுத்த அடியை யோசித்து வைக்க வேண்டியவர் காத்திருந்தவர்தான். “கருநீலமா, மெரூனா?” என்றால் ஒரு சொல்லில் பதில் போட்டுவிடலாம், பஸ்ஸில் நின்றுகொண்டே கூட. கேள்வி ஒன்றுதான் இருக்க வேண்டும். கலர், சைஸ் கணக்கு, பள்ளி முத்திரையின் படம், முன்பணம் என்று நான்கையும் ஒரே மூச்சில் கேட்டால், இனி அவர் பக்கம் தாமதம் தொடங்கும். நாள் குறிப்பதும் முக்கியம். அந்தக் கெடுவை நாமும் மதிக்க வேண்டும். செவ்வாய் தாண்டியும் பதில் இல்லையென்றால் புதன்கிழமை ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. “வேற இடத்துல குடுத்திருந்தாலும்” என்ற கடைசி வரி, இல்லை என்று சொல்லச் சங்கடப்படுபவருக்கு வழிவிடுகிறது. அது இல்லாவிட்டால் அவரும் பேசாமல் இருந்துவிடக்கூடும்.

எல்லாத் தாமதத்துக்கும் இந்த ஒற்றை வரி மன்னிப்பு போதாது. முன்பணம் வாங்கிவிட்டு ஜனவரி 20 வரை பேசாமல் இருந்திருந்தால், விழாவே கெட்டிருக்கும். அங்கே மெசேஜே கூடாது. போனில் அழைத்து, அவர் திட்டுவதைக் கேட்டு, பணத்தைத் திருப்பித் தருவதில் இருந்து பேச்சைத் தொடங்க வேண்டும். துக்கம் நடந்த வீட்டிலிருந்து வந்த செய்திக்குத் தாமதமாகப் பதில் போடும்போதும் தாமதத்தைப் பற்றிப் பேசுவதைக் குறைத்து, இறந்தவரைப் பற்றிப் பேச வேண்டும். நம் காரணங்களைக் கேட்கும் நிலையில் அவர்கள் இல்லை.

பழைய மெசேஜைப் பிடித்து, அதற்குக் கீழேயே பதில் போடுவது நல்லது. மின்னஞ்சலானாலும் அதே தொடரிலேயே. புதிதாக ஆரம்பித்தால் எந்த டி-ஷர்ட், யார் என்று அவர் தேட வேண்டியிருக்கும்.

இத்தனையும் சரியாகச் செய்தபின் பலர் கோட்டைவிடுவது இரண்டாம் பதிலில். “மெரூன் போதும்” என்று அவர் அன்று மாலையே சொல்லிவிடுகிறார். இவர் பாரம் இறங்கிய நிம்மதியில் நான்கு நாள் மறுபடி காணாமல் போகிறார். இருபத்தைந்து நாள் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டவர்கூட இந்த நான்கு நாளைப் பொறுக்க மாட்டார். அதனால், உடனே தொடர நேரம் இருக்கும் நாளில்தான் தாமதமான பதிலை அனுப்ப வேண்டும். சாம்பிள் தைக்க ஆள் இல்லையென்றால், மறுநாள் என்று எழுதாமல் வெள்ளிக்கிழமை என்றே எழுதி, வெள்ளிக்கிழமை அனுப்பிவிட வேண்டும்.