முதல் பக்கம் வந்து சேராத கதை

ஒருவர் தான் எழுதிக்கொண்டிருக்கும் கதையைத் தொடர்ந்து எழுதித் தரச் சொல்லி நண்பருக்கு அனுப்புகிறார். தொடக்கப் பத்திகள் விட்டுப்போய்விட்டன. போய்ச் சேர்ந்தது நடுப்பகுதி மட்டும். அனுப்பியவருக்கு அது தெரியாது, கதை முழுக்க அவர் மனதில் இருக்கிறதே! வாங்கியவர் என்ன செய்வார்? ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

1972இல் அமெரிக்காவில் ஜான் பிரான்ஸ்ஃபோர்ட், மார்சியா ஜான்சன் இருவரும் ஒரு சிறிய பத்தியை ஒலிநாடாவில் பதிந்து மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பலூன்கள் வெடித்துவிட்டால் சத்தம் மேலே போய்ச் சேராது, ஜன்னல் மூடியிருந்தாலும் கேட்காது, கம்பி அறுந்தால் எல்லாம் கெட்டது என்கிற ரீதியில் அது போகும். ஒவ்வொரு வாக்கியமும் எளிது, கடினமான சொல் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் மொத்தத்தில் ஒன்றும் புரியாது.

புரிய வைப்பது ஒரு படம். உயரமான கட்டடத்தின் மேல்மாடி ஜன்னலில் ஒரு பெண். கீழே தெருவில் கிதார் வாசித்துப் பாடும் காதலன். அவன் பாட்டு அவளுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக ஒலிபெருக்கியைப் பலூன்களில் கட்டி ஜன்னல் வரை பறக்கவிட்டிருக்கிறான். இதைப் பார்த்துவிட்டுப் பத்தியைக் கேட்டவர்கள் அதிலுள்ள 14 செய்திகளில் சராசரியாக 8 செய்திகளை நினைவிலிருந்து எழுதினார்கள். படமே பார்க்காதவர்கள் எழுதியது 3.6. ஒலிநாடாவை இரண்டு முறை கேட்டவர்களும் 3.8ஐத் தாண்டவில்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு குழு. அவர்கள் முதலில் பத்தியைக் கேட்டார்கள், அதன் பிறகு படத்தைப் பார்த்தார்கள். இவர்களுக்கும் கிடைத்தது அதே 3.6தான். சட்டகம் இல்லாமல் உள்ளே போன வாக்கியங்கள் எங்கும் ஒட்டவில்லை. பிறகு சட்டகத்தைக் கொடுத்தபோது, அதில் பொருத்துவதற்கு மனதில் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஆகவே தொடக்கத்தை மறுநாள் அனுப்பிவிட்டு, ‘இப்போது புரிந்திருக்குமே’ என்று கேட்பதில் பயனில்லை. நடுப்பகுதியையும் மறுபடி படித்தாக வேண்டும்.

பலூன் பத்தி வேண்டுமென்றே புரியாதபடி எழுதப்பட்டது. சாதாரணக் கதையின் நடுப்பகுதி இப்படி முழுக்க இருட்டாக இருக்காது. அது நன்றாகவே புரிந்துவிடும், வில்லங்கமே அங்கேதான் இருக்கிறது. 1977இல் ரிச்சர்ட் ஆண்டர்சனும் சகாக்களும் ராக்கி என்பவனைப் பற்றிய ஒரு பத்தியை மாணவர்களிடம் கொடுத்தார்கள். ராக்கி தரைவிரிப்பிலிருந்து மெல்ல எழுகிறான். எப்படித் தப்புவது என்று யோசிக்கிறான். தன்னைப் பிடித்து வைத்திருக்கும் பூட்டு பலமானதுதான் என்றாலும் உடைத்துவிடலாம் என்று நினைக்கிறான். இசைக் கல்வி மாணவர்களில் பெரும்பாலோர் அவனைச் சிறைக் கைதி என்றே படித்தார்கள். உடற்கல்வி மாணவர்களில் பலருக்கோ அவன் எதிராளியின் பிடியில் சிக்கிய மல்யுத்த வீரன். பத்தி இரண்டுக்கும் சரியாகப் பொருந்தும். படிக்கும்போது வேறு அர்த்தம் இருக்கக்கூடும் என்ற எண்ணமே தங்களுக்கு வரவில்லை என்று பெரும்பாலோர் பிறகு சொன்னார்கள்.

இவர்களைக் கதையைத் தொடரச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவர் காவலரைக் கொண்டுவந்திருப்பார், மற்றவர் நடுவரைக் கொண்டுவந்திருப்பார். இருவரும் தயங்கியிருக்க மாட்டார்கள். விடுபட்ட தொடக்கத்தை மனம் தன் அனுபவத்திலிருந்து எடுத்து நிரப்பிவிட்டு, நிரப்பிய தடயத்தையும் அழித்துவிடுகிறது. அதனால் ‘எனக்குத் தெளிவாகப் புரிகிறது’ என்பதை, தொடக்கம் தேவையில்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

மனம் இப்படி நிரப்பியதைத் தனியாக உட்கார்ந்து கண்டுபிடிப்பது கடினம், இன்னொருவர் இருந்தால் சுலபம். கிடைத்த பகுதியை வேறு தொழில் பார்க்கும் ஒருவரிடம் கொடுத்து, இதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று இருவரும் தனித்தனியே இரண்டு வரி எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் துணிந்து தொடரலாம். ஒருவர் சிறையையும் இன்னொருவர் மல்யுத்தக் களத்தையும் எழுதியிருந்தால், அனுப்பியவரைக் கேட்காமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது.

என்ன கேட்பது என்பதற்கும் 1972 சோதனையில் ஒரு விடை உண்டு. ஒரு குழுவுக்கு வேறொரு படம் முன்கூட்டியே காட்டப்பட்டது. அதிலும் அதே ஆள், அதே பலூன்கள், அதே ஒலிபெருக்கி, அதே கட்டடம். ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இடம் மாறியிருந்தன. பத்தியில் வரும் பொருள்கள் அத்தனையும் கண்ணெதிரே இருந்தும் இந்தக் குழு எட்டியது 4 மட்டுமே. அனுப்பியவர் பதிலுக்குப் பாத்திரங்களின் பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுத் தரலாம். அது இந்த இரண்டாவது படத்துக்குச் சமம். யாருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, அதற்காக அவர் இதுவரை என்ன செய்திருக்கிறார் என்று கேளுங்கள். அனுப்பியவர் இதற்கு நாலு வரியில் பதில் சொல்லிவிட்டால், தொலைந்துபோன பக்கங்கள் கிடைக்காவிட்டாலும் கதையைத் தொடர முடியும்.