ஏறினால் லாபம், இறங்கினாலும் நஷ்டமில்லை: எப்படி?

நிஃப்டி பலமாக ஏறும் என்று நினைக்கிறீர்கள்; தவறிப்போனால் பெரிய அடி விழக்கூடாது. இதற்கான உத்தியே 'கால் பேக்ஸ்ப்ரெட்': ஒரு கால் ஆப்ஷனை விற்று, அந்தப் பணத்தில் மேல் விலையில் இரண்டு கால்களை வாங்குவது.

ஒரு கற்பனைக் கணக்கு: நிஃப்டி 24,000. 24,000 காலை 300-க்கு விற்கிறோம். 24,400 கால்கள் இரண்டை, ஒன்று 140 வீதம், 280-க்கு வாங்குகிறோம். கையில் மிச்சம் 20 புள்ளி.

காலாவதி நாளில் நிஃப்டி 24,000-க்குக் கீழே முடிந்தால் எல்லாக் கால்களும் செல்லாக்காசு. அந்த 20 நமக்கே. 25,200-ல் முடிந்தால் விற்றதில் 1,200 போகும், வாங்கியவற்றில் 1,600 வரும்; மிச்சத்தையும் சேர்த்து லாபம் 420.

ஏன் மேலே போகப்போக லாபம் கூடுகிறது? விற்ற காலின் நஷ்டத்தை வாங்கிய ஒன்று ஈடுகட்ட, மற்றொன்று தடையின்றி ஏறுகிறது.

அப்படியானால் ஆபத்து எங்கே? அரைகுறை ஏற்றத்தில்தான். சரியாக 24,400-ல் நின்றால் விற்ற கால் 400 கேட்கும். வாங்கிய இரண்டும் பூஜ்யம். 20 போக நஷ்டம் 380. இதுவே உச்சபட்ச நஷ்டம். அங்கிருந்து மீண்டு லாபம் தொடங்க நிஃப்டி 24,780-ஐத் தாண்ட வேண்டும்.

காலாவதி நெருங்கியும் நிஃப்டி 24,400 அருகிலேயே சுற்றினால், வாங்கிய கால்களின் விலை நாளுக்கு நாள் கரையும். அப்போது காத்திருக்காமல் முன்கூட்டியே வெளியேறுவதே புத்திசாலித்தனம்.