கட்டாந்தரைக்கு எந்த ஸ்டட்?

கால்பந்து ஷூவின் அடியில் இருக்கும் ஸ்டட்டுகள் தரைக்குள் சற்றே இறங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓடும்போதும் திரும்பும்போதும் கால் வழுக்காமல் இருப்பது அதனால்தான். ஆனால் இறங்குவதற்குத் தரை இடம் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்கள் பலவும் செம்மண் அல்லது சரளைத் தரைகள். கோடையில் அவை கட்டாந்தரையாக இறுகிவிடும். கடை அலமாரியை நிறைத்திருக்கும் கால்பந்து ஷூக்களோ பெரும்பாலும் புல்தரைக்காகச் செய்யப்பட்டவை. பிள்ளைக்கு ஷூ வாங்கப் போகிறவர் நிறத்தையும் நிறுவனத்தையும் பார்ப்பதற்கு முன்னால் அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும்.

பெட்டியின் மேல் எந்தத் தரைக்கான ஷூ என்பது இரண்டெழுத்துக் குறியாக அச்சிடப்பட்டிருக்கும். எஃப்.ஜி. என்றால் உறுதியான இயற்கைப் புல்தரைக்கானது. ஒரு டஜனுக்கு முன்பின்னாக, அடிப்பாகத்தோடு சேர்த்தே வார்க்கப்பட்ட ஸ்டட்டுகள் அதில் இருக்கும். எஸ்.ஜி. மழையில் ஊறிய மெத்தென்ற புல்லுக்கு உரியது. திருகிக் கழற்றும் நீளமான உலோக ஸ்டட்டுகள் கொண்ட இந்த வகை நம் ஊர்ப் பிள்ளைகளில் அநேகமாக யாருக்கும் தேவைப்படாது. ஏ.ஜி. செயற்கைப் புல்லுக்கானது, ஸ்டட்டுகள் குட்டையாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் இருக்கும். டி.எஃப். வகையில் அடிப்பாகம் முழுக்கச் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள் நிறைந்திருக்கும். வாடகை டர்ஃபுகளில் விளையாட ஏற்றது இது. இறுகிய மண் தரைக்கும் இதுவே பொருத்தம் என்பதைக் கடைக்காரர்கள் எல்லோரும் சொல்வதில்லை.

எஃப்.ஜி. ஷூவைக் கட்டாந்தரையில் போட்டால் ஸ்டட் மண்ணுக்குள் இறங்காது. உடல் எடை முழுவதும் சில ஸ்டட்டுகளின் முனையில் நிற்கும். அந்த அழுத்தம் அடிப்பாகத்தின் வழியே மேலேறிப் பாதத்தைக் குத்தும். ஸ்டட் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே பாதத்தில் தோல் தடித்திருந்தால் காரணம் இதுதான். குதிகாலில் சிக்கல் இன்னும் பெரிது. சுமார் 8 வயதிலிருந்து 14, 15 வயது வரை குதிகால் எலும்பின் பின்பகுதி குருத்தெலும்பாக வளர்ந்துகொண்டிருக்கும். கெண்டைக்கால் தசைநார் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். இதோடு கெட்டித் தரையின் அதிர்ச்சியும் சேர்ந்தால் அந்த இடம் புண்பட்டதுபோல் வலிக்கும். மருத்துவர்கள் இதைச் சீவர் நோய் என்பார்கள். விளையாடி முடித்ததும் பிள்ளை முன்பாதத்தை ஊன்றி நடக்கிறதா, குதிகாலின் இரு பக்கத்தையும் விரல்களால் அழுத்தினால் துள்ளுகிறதா என்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். ஓய்வும் மெத்தையான ஷூவும் கொடுத்தால் பெரும்பாலும் தணியும்; தணியாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

செயற்கைப் புல்லில் நேர்வது இதற்கு நேர்மாறு. நீண்ட ஸ்டட் இழைகளுக்குள் புதைந்து இறுகிக்கொள்ள, உடல் திரும்பும், பாதம் திரும்பாது. அந்த முறுக்கு கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் போகிறது. கத்திபோல் தட்டையான ஸ்டட்டுகளைவிட உருண்டையான ஸ்டட்டுகள் தரையில் எளிதாகச் சுழன்று விடுபடும். ஆகவே வளரும் பிள்ளைக்கு உருண்டை வகையே பாதுகாப்பு.

ஓர் எடுத்துக்காட்டு. எட்டாம் வகுப்பு மாணவன். வாரத்தில் நான்கு நாள் பள்ளியின் செம்மண் மைதானத்தில் பயிற்சி, ஞாயிறன்று நண்பர்களோடு வாடகை டர்ஃபில் ஆட்டம், வருடத்தில் ஓரிரு முறை புல் மைதானத்தில் மாவட்டப் போட்டி. வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு ஜோடிக்கான பணம். அவனுக்கு வேண்டியது டி.எஃப். பயிற்சியின் பெரும்பகுதி எந்தத் தரையில் நடக்கிறதோ அதுதான் முடிவு செய்ய வேண்டும், போட்டி நடக்கும் தரை அல்ல. காய்ந்த புல்லில் டி.எஃப். ஷூவோடு சமாளித்து ஆடிவிடலாம். ஈரமாக இருந்தால் கொஞ்சம் வழுக்கும். வருடம் முழுக்கக் கட்டாந்தரையில் எஃப்.ஜி. போட்டுக் குதிகாலைக் கெடுத்துக்கொள்வதற்கு அது எவ்வளவோ மேல்.

கணுக்காலுக்குப் பிடிமானம் என்று சொல்லி, காலுறைபோல் உயர்ந்த கழுத்துள்ள ஷூக்கள் விற்கப்படுகின்றன. 2014 உலகக் கோப்பையையொட்டிப் பரவிய பாணி இது. பின்னிய மெல்லிய துணி, உடல் எடையோடு உள்பக்கமாக மடங்கும் கணுக்காலைத் தடுத்து நிறுத்தாது. உண்மையான பிடிமானம் குதிகாலைச் சுற்றியுள்ள கெட்டியான கிண்ணப் பகுதியில் இருக்கிறது. அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கலாம்; எளிதாக நசுங்கினால் அந்த ஷூ வேண்டாம். இரு கையாலும் பிடித்து வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கக் கூடாது. ஏற்கெனவே கணுக்கால் சுளுக்கிய பிள்ளைக்கு மருத்துவர் சொல்லும் கயிறு கட்டும் பிரேஸும், ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சியும்தான் பயன் தரும். பிரேஸ் போடுவதாக இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டே கடைக்குப் போக வேண்டும். அது உள்ளே இடத்தை அடைக்கும்.

கிரிக்கெட்டிலும் கேள்வி ஆடுதளத்திலிருந்தே தொடங்குகிறது. பள்ளி, லீக் ஆட்டங்கள் பலவும் கயிற்றுப்பாய் விரித்த மேட்டிங் விக்கெட்டில் நடக்கின்றன. உலோக ஸ்பைக் பாயைக் கிழிக்கும். அதைவிட மோசம், பாயின் முடிச்சில் மாட்டிக்கொண்டு காலை அப்படியே நிறுத்திவிடும். அங்கே ரப்பர் ஸ்டட்தான். மண்ணால் செய்த டர்ஃப் விக்கெட்டில் ஆடுபவருக்கு மட்டுமே ஸ்பைக் தேவை. மட்டையாளருக்கு முன்பாதத்தில் உலோக ஸ்பைக்கும் குதிகாலில் ரப்பரும் கொண்ட அரை ஸ்பைக் போதும். வேகப்பந்து வீச்சாளரின் முன்கால் ஒவ்வொரு பந்துக்கும் உடல் எடையைப் போல் பல மடங்கு விசையோடு தரையில் இறங்குகிறது. அவருக்கு முழு ஸ்பைக்கும், குதிகாலில் தடித்த மெத்தையும், கெட்டியான கிண்ணமும் அவசியம். ஓட்டப் பயிற்சிக்கான சாதாரண ஷூவில் பந்து வீசினால் கால் உள்ளே பக்கவாட்டில் சறுக்கும். இரண்டு தளத்திலும் ஆடுகிறவருக்கு, ஸ்பைக்கைக் கழற்றி அதே திருகில் ரப்பர் முனை மாட்டும் வகை கைகொடுக்கும். திருகில் மண் அடைத்துத் துரு ஏறாமல் ஆட்டம் முடிந்ததும் துடைத்துவைக்க வேண்டும்.

அளவு பார்க்க மாலை நேரம் நல்லது. நாள் முழுக்க நடந்த பாதம் சற்று விரிந்திருக்கும். விளையாடும்போது போடும் அதே காலுறையோடு நின்று பார்க்கையில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் இருந்தால் சரி. அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் குதிகால் உள்ளே தூக்கும், கொப்புளம் வரும், கணுக்கால் பிறழும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பெருவிரலை அழுத்திப் பாருங்கள். அது முனையைத் தொட்டுவிட்டால், ஷூ புதிதுபோல் இருந்தாலும் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுத்துவிட வேண்டியதுதான்.