ஷட்டில் கோர்ட்டுக்குள் ஒரு கிச்சன்

அரக்கோணத்தில் ஷட்டில் ஆடிப் பழகிய ஒருவர் கையில் பிக்கிள்பால் பேடிலைக் கொடுத்துப் பாருங்கள். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் ஒரு தகராறு வந்துவிடும். பந்து வலையை ஒட்டி மெதுவாக மிதந்து வரும். அவர் ஓடிப்போய் வலைக்கு மேலேயே அதை ஓங்கி அறைவார். எதிரே நிற்பவர் அவருடைய காலைக் காட்டி, "கிச்சனுக்குள்ள நிக்கிறீங்க, ஃபால்ட்" என்பார். ஷட்டிலில் கைதட்டல் வாங்கித் தரும் அடி, இங்கே புள்ளியைப் பறித்துவிடுகிறது.

வலையின் இரு பக்கமும் 7 அடி வரை உள்ள இடத்துக்கு விதிப்புத்தகத்தில் நான்-வாலி சோன் என்று பெயர். ஆடுகிறவர்கள் அதைக் கிச்சன் என்றே சொல்கிறார்கள். அங்கே நின்றுகொண்டு பந்தைத் தரையில் படவிடாமல் அந்தரத்திலேயே அடிக்கக் கூடாது. அப்படி அடிப்பதுதான் வாலி. ஒருமுறை தரையில் பட்டு எழும்பிய பந்தைக் கிச்சனுக்குள் புகுந்து தாராளமாக அடிக்கலாம். பந்தே வராவிட்டாலும் உள்ளே போய் நிற்கலாம். தடை வாலிக்கு மட்டும்தான்.

ஷட்டிலில் இல்லாத இந்தத் தடை இங்கே எதற்கு? விடை ஆட்டம் பிறந்த விதத்தில் இருக்கிறது. 1965-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிட்சார்டும் பில் பெல்லும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக ஒரு பழைய ஷட்டில் கோர்ட்டில் இறங்கினார்கள். டேபிள் டென்னிஸ் மட்டையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தும்தான் கையில் கிடைத்தன. முதலில் வலை ஷட்டிலுக்குரிய 60 அங்குல உயரத்தில் இருந்தது. பந்து தரையில் நன்றாக எழும்புவதைப் பார்த்ததும் அதை 36 அங்குலத்துக்கு இறக்கினார்கள். பிறகு பார்னி மெக்கல்லமும் சேர்ந்துகொள்ள, மூவருமாக விதிகளை வகுத்தார்கள். இன்றைக்கும் கோர்ட் 44-க்கு 20 அடிதான், அதாவது ஷட்டில் இரட்டையர் கோர்ட்டின் அதே அளவு. வலை மட்டும் ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம்.

கோர்ட் ஷட்டிலுடையது, வலை ஏறக்குறைய டென்னிஸுடையது. சிக்கல் முழுக்க இந்தக் கலப்பில்தான். ஷட்டிலில் வலை ஒன்றரை மீட்டருக்கு மேல் நிற்பதால், இறகுப்பந்து அதைவிட உயரே இருந்தால்தான் கீழ்நோக்கி அடிக்க முடியும். டென்னிஸில் வலை தாழ்வு. ஆனால் எதிராளிக்குப் பின்னால் விலகி ஓட ஏறக்குறைய 12 மீட்டர் ஆழம் இருக்கிறது. பிக்கிள்பாலில் வலையும் தாழ்வு, ஒரு பக்கத்தின் ஆழமும் வெறும் 6.7 மீட்டர். கிச்சன் மட்டும் இல்லையென்றால், வலையோடு ஒட்டி நிற்கிறவரைத் தடுக்க எதுவுமே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வலையின் நடு உயரம் சுமார் 86 சென்டிமீட்டர். பந்தின் பருமனையும் சேர்த்தால், அதன் மையம் 90 சென்டிமீட்டரில் வலையைக் கடக்க வேண்டும். உங்கள் நெஞ்சளவில், 120 சென்டிமீட்டரில் ஒரு பந்து வருகிறது. அதை நேர்கோட்டில் கீழே அடிக்கிறீர்கள் என்று கொள்வோம். புவியீர்ப்பையும் காற்றின் தடையையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

கிச்சன் இல்லையென்றால், பேடிலை வலைக்கு 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்து அடிக்கலாம். 30 சென்டிமீட்டர் முன்னேறுவதற்குள் பந்து 30 சென்டிமீட்டர் இறங்குகிறது. சரியாக 45 டிகிரிச் சாய்வு. வலையைத் தாண்டிய 90-வது சென்டிமீட்டரில் தரையைத் தொட்டுவிடும். எதிராளி தன் பக்கத்தில் இரண்டு மீட்டருக்கு அப்பால் நிற்கிறார். அவர் குனிவதற்குள் பந்து குத்தி எழும்பி அவரைத் தாண்டிப் போயிருக்கும்.

இப்போது கோட்டுக்கு வெளியே வாருங்கள். கோடு 2.13 மீட்டர் தள்ளி இருக்கிறது. கையை முன்னால் நீட்டினால் பேடில் வலையிலிருந்து சுமார் 1.3 மீட்டரில் இருக்கும். அதே 30 சென்டிமீட்டர் இறக்கம் இப்போது 1.3 மீட்டர் தூரத்தில் பரவுவதால் சாய்வு மிகவும் குறைந்துவிடுகிறது. பந்து வலைக்கு அப்பால் கிட்டத்தட்ட 3.9 மீட்டரில்தான் தரையைத் தொடும். எதிராளி தன் கிச்சன் கோட்டில் நின்றால் அவரைக் கடக்கும்போது பந்து முழங்கால் அளவில் இருக்கும். கஷ்டமான பந்துதான், ஆனால் எடுத்துவிடக்கூடிய பந்து. அந்த 7 அடி செய்யும் வேலை இவ்வளவே: அடியைத் தடுக்கவில்லை, அடியின் கோணத்தைத் தட்டையாக்குகிறது.

அதே பந்து இடுப்புக்குக் கீழே, வலையைவிடத் தாழ்வாக வந்தால் கதையே மாறிவிடும். ஓங்கி அடித்தால் வலையில் முட்டும் அல்லது கோர்ட்டைத் தாண்டிப் போகும். அதனால் மெதுவாகத் தூக்கி எதிராளியின் கிச்சனுக்குள் போடுகிறார்கள். இந்த அடிக்கு டிங்க் என்று பெயர். கிச்சனுக்குள் விழும் பந்தை எதிராளி வாலி செய்ய முடியாது, அல்லது கையை நீட்டிச் சிரமப்பட்டுத்தான் செய்ய வேண்டும். ஆகவே அவரும் டிங்க் போடுகிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சோம்பேறித்தனமாகத் தெரியும் இந்தத் தட்டல்தான் ஆட்டத்தின் உயிர் என்பேன். யார் முதலில் பொறுமையிழந்து பந்தை ஒரு சாண் உயர்த்திவிடுகிறார் என்பதில்தான் புள்ளி இருக்கிறது.

விதியின் முதல் வரி எல்லோருக்கும் புரிந்துவிடும். தகராறு வருவது அதற்கு அடுத்த வரிகளில். கோடும் கிச்சனைச் சேர்ந்தது. வாலி அடிக்கும்போது ஷூவின் நுனி கோட்டில் பட்டாலும் ஃபால்ட். வெளியே நின்று சுத்தமாக அடித்துவிட்டு, அடித்த வேகத்தில் நிலைதடுமாறி உள்ளே ஒரு கால் வைத்தாலும் ஃபால்ட்தான். அதற்குள் பந்து எதிர்ப்பக்கத்தில் இரண்டு முறை குத்தி ஆட்டம் முடிந்திருந்தாலும் விதி மன்னிப்பதில்லை. தலையிலிருந்த தொப்பியோ கண்ணாடியோ அந்த வேகத்தில் உள்ளே விழுந்தாலும் அப்படியே. இது அநியாயக் கண்டிப்பாகத் தோன்றலாம். ஆனால் வேகத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால், எல்லோரும் கோட்டுக்கு வெளியிலிருந்து வலையை நோக்கிப் பாய்ந்து அந்தரத்திலேயே அடித்துவிட்டு உள்ளே போய் விழுவார்கள். கோடு இருந்தும் பயனில்லாமல் போகும்.

கிச்சனுக்குள்ளிருந்து எம்பிக் குதித்து, கால் தரையில் இல்லாதபோது வாலி அடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. உள்ளே போனவர் இரண்டு கால்களையும் வெளியே ஊன்றிய பிறகுதான் வாலி அடிக்கலாம். அதே சமயம் தடை தரைக்கு மட்டுமே உரியது, அதன் மேலுள்ள வெளிக்கு இல்லை. வெளியே நின்றபடி உடலை வளைத்துப் பேடிலைக் கிச்சனுக்கு மேலே நீட்டலாம். இந்தச் சலுகையைப் பயன்படுத்தி, கிச்சனின் மூலையைத் தாண்டிக் குதித்துப் பக்கக் கோட்டுக்கு வெளியே கால் ஊன்றி வலையருகிலேயே அறைகிறார்கள். அதைப் பிரபலமாக்கிய எர்னி பெரியின் பெயரால் அந்த அடியும் எர்னி என்றே வழங்குகிறது. விதிப்படி அதில் குற்றமில்லை.

இந்தியாவில் சுனில் வலவல்கர் 2008-ல் அகில இந்தியப் பிக்கிள்பால் சங்கத்தைத் தொடங்கினார். 2025-ல் மும்பையில் நடந்த உலக பிக்கிள்பால் லீக்கில் நடிகை சமந்தாவுக்குச் சொந்தமான சென்னை அணியும் ஆடியது. அரக்கோணத்தில் ஆடத் தனிக் கோர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், ஷட்டில் கோர்ட்டே போதும். ஆனால் அதிலுள்ள ஷார்ட் சர்வீஸ் கோட்டையே கிச்சன் கோடாக வைத்துக்கொள்ளாதீர்கள். அது வலையிலிருந்து ஆறரை அடியில் இருக்கிறது. அரை அடி பின்னால் தள்ளிச் சுண்ணக்கோடு போடுங்கள். வலையிலிருந்து கோட்டின் வெளி விளிம்பு வரை அளந்தால் 7 அடி வர வேண்டும்.